சும்மா நின்ற புள்ளி

வாத்தியார் போன பிறகு டீச்சருக்கு எதுவுமே உறைக்கவில்லை. அதைச் சோகம் என்று சொல்ல முடியாது. சோகப்படுகிறவர்கள் அழுவார்கள், தட்டை ஒதுக்கி வைப்பார்கள், யாராவது ஆறுதல் சொன்னால் எரிந்து விழுவார்கள். டீச்சர் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், பாடம் நடத்தினாள், கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தினாள். கையில் கொடுத்த டீ சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. கொடுத்ததைக் குடித்தாள்.

"என்ன மனத் திடம் பாருங்க" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெச்சினார்கள். மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாதுதான். அதற்காக அந்தக் காலுக்கு யாரும் பாராட்டு விழா நடத்துவதில்லை.

டீச்சரும் அவள் கணவர் வாத்தியாரும் ஒரே பாடக்காரர்கள். இருவருக்கும் கணக்கு. போவதற்கு முதல் நாள்தான் வாத்தியார் ஒரு பாடப்புத்தகத்துக்காகக் 'கூட்டுக் கோணங்கள்' என்ற பாடத்தை எழுதி முடித்திருந்தார். முடித்த கையோடு தாள்களைக் கொண்டுவந்து டீச்சரின் கட்டிலருகே வைத்து, "ஒரு தடவை பார்த்துடு" என்றார். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. "நாளைக்குப் பாக்கறேன், வெச்சுட்டுப் போங்க" என்றாள். அந்த நாளைக்கு வருவதற்குள் அவருடைய நெஞ்சு நின்றுவிட்டது. தாள்கள் கட்டிலருகிலேயே கிடந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை. கடைசியில் அவளுடைய நாத்தனார் வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

நாத்தனாருக்கு வீட்டில் சிட்டு என்று பெயர். புத்தகம் போடும் அந்த அலுவலகத்தில்தான் அவளுக்கு வேலை. எழுத்தைக் கணினியில் ஏற்றுவதும் படங்களைக் கோடு கோணம் பிசகாமல் வரைவதும் அவள் பொறுப்பு. கணக்கு என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே காய்ச்சல். அண்ணன் ஒரு வட்டத்தைக் காட்டி ஏதாவது விளக்க ஆரம்பித்தால், "அண்ணா, எனக்கு வட்டம்னா தோசைக்கல்லு, அவ்வளவுதான்" என்று எழுந்து போய்விடுவாள். ஆனால் படம் மட்டும் அப்பழுக்கில்லாமல் வரைவாள்.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் நடக்கும் கடைசிக் கூட்டத்துக்கு டீச்சரையும் அழைத்திருந்தார்கள். கணவருடைய இடத்தில் உட்கார என்று மரியாதையாகச் சொன்னார்கள். மூன்றாவது மாடி, நீள மேசை, துடைத்துத் துடைத்தும் போகாத பழைய கறைகளோடு ஒரு வெள்ளைப் பலகை. சுவரில் மாட்டிய குளிர்சாதன இயந்திரம் ஒரு மூலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஒரு வாளியை வைத்திருந்தார்கள்.

மற்றவர்கள் வருவதற்குள் சிட்டு தன் மேசைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். திரையில் அந்தப் படம் இருந்தது. ஒரு வட்டம். அதற்குள் நான்கு மூலைகளும் வட்டத்தைத் தொடும் ஒரு நாற்கரம். மூலைகளுக்கு வரிசையாக ஏ, பி, சி, டி. எதிரெதிர் மூலைகளைச் சேர்க்கும் இரண்டு மூலைவிட்டங்கள். அதில் ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கோடு வட்டத்தின் நடுவே போனது, அதாவது அதுவே வட்டத்தின் விட்டமும் ஆகும்.

"அண்ணி, இங்க ஒரு புள்ளி இருக்கு பாருங்க, கேன்னு பேர் போட்டு. பாடத்துல எங்கயும் இந்த கே வரலை. நான் தேடிப் பார்த்துட்டேன். ரெண்டு குறுக்குக் கோடும் வெட்டிக்கிற இடத்துல வைக்க வேண்டியதைக் கை தவறி இந்தப் பக்கம் வெச்சுட்டாரு போலிருக்கு. பென்சில்லதான் போட்டிருந்தாரு. எடுத்துடவா?"

டீச்சர் பார்த்தாள். ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கோட்டின் மேல், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைவிட ஏ-க்குப் பக்கத்தில், ஒரு புள்ளி எந்தக் கோட்டோடும் சேராமல் தனியாக நின்றது. பார்த்தாள் என்றால் கண் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

"எடுத்துடு" என்றாள்.

சிட்டு ஒரு விசையை அழுத்தினாள். புள்ளி போய்விட்டது.

கூட்டத்தை நடத்தியவர் தலைமைப் பதிப்பாசிரியர். அவருக்கு 'மீதி சார்' என்று பட்டப்பெயர். எந்த வேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், புரட்டிக்கூடப் பார்க்காமல் "சரி, மீதி எங்கே?" என்று கேட்பார். அவருக்கு வலப்பக்கம் ஒரு பேராசிரியை. எழுதுகிறவர்களின் வாக்கியங்களைச் சல்லடை போட்டுச் சலிப்பதற்காகவே அவரை வைத்திருந்தார்கள். கெட்டவர் இல்லை. கறார், அவ்வளவுதான்.

"உங்க வீட்டுக்காரர் எழுதின பாடத்தைப் பத்தித்தான்மா பேசணும்" என்று ஆரம்பித்த மீதி சார், மேற்கொண்டு சொல்ல வாய் வராமல் பேராசிரியையைப் பார்த்தார்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பாடம் ரொம்ப அழகா இருக்கு. பழைய புத்தகத்துல ரெண்டு செங்கோண முக்கோணத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சு, ரெண்டு கோணத்தோட கூட்டலுக்கு சைன் கண்டுபிடிப்போம். கூட்டல் தொண்ணூறைத் தாண்டினா அந்தப் படம் சாஞ்சிடும், வேற படம் போடணும். இவர் ஒரே வட்டத்துல ரெண்டையும் முடிச்சுட்டார். அதுல எனக்குக் குறையே இல்லை."

"அப்புறம்?" என்றாள் டீச்சர். அவள் குரல் அவளுக்கே பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல் கேட்டது.

"குறை பின்னிணைப்புல."

விஷயம் இதுதான். வாத்தியாரின் பாடம் தாலமி தேற்றம் என்ற ஒரு பழைய விதியின் மேல் நின்றது. வட்டத்துக்குள் உட்கார்ந்த நாற்கரத்தில், மூலைவிட்டங்கள் இரண்டையும் பெருக்கினால் வருவதும், எதிரெதிர்ப் பக்கங்களை ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டினால் வருவதும் ஒன்றே என்பது அந்த விதி. வட்டத்தின் விட்டத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒரு மூலைவிட்டத்தை அந்த விட்டமாகவே போட்டுவிட்டால், பக்கங்கள் நான்கும் இரண்டு கோணங்களின் சைன், கொசைன்களாக வந்து நிற்கும். இன்னொரு மூலைவிட்டம் கோணங்களின் கூட்டலுடைய சைனாக வந்து நிற்கும். பெருக்கி எழுதினால் சூத்திரம் கையில். இதுவரை சரி. ஆனால் மாணவர்களுக்குத் தாலமி தேற்றம் தெரியாதே, அதையும் நிரூபித்துக் காட்ட வேண்டுமே என்று வாத்தியார் பின்னிணைப்பில் ஒரு நிரூபணம் கொடுத்திருந்தார். அதில் பக்கங்களை எல்லாம் சைன்களாக எழுதி, இரண்டு சைன்களின் பெருக்கலைக் கொசைன்களின் வித்தியாசமாக மாற்றி, சுருக்கி, நான்கே வரியில் முடித்திருந்தார்.

"அந்த மாத்தற விதி எங்கேருந்து வருது?" என்றார் பேராசிரியை. "கூட்டல் சூத்திரத்துலேருந்து. எதை நிரூபிக்கக் கிளம்பினோமோ அதையே எடுத்துப் பயன்படுத்தியாச்சு. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டின கதை."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"உடம்பு முடியாத நேரத்துல எழுதினது. யாருக்கும் வரும்" என்றார் மீதி சார் அவசரமாக. "நாங்க என்ன நினைக்கறோம்னா... பழைய புத்தகத்துல இருக்கிற பாடத்தையே போட்டுடலாம். இன்னிக்குச் சாயங்காலம் கோப்பு அச்சகத்துக்குப் போயாகணும். அவர் பேரை முன்னுரையில நன்றியோட சேர்த்துடுவோம்."

டீச்சருக்கு அவர் சொன்னது எல்லாம் புரிந்தது. உலகத்தில் வாத்தியாருடைய கை கடைசியாகச் செய்த வேலை அந்தப் பாடம். அது போகிறது. முன்னுரையின் அடியில், காகிதம் விற்றவருக்கும் அட்டை போட்டவருக்கும் நடுவே, அவர் பெயர் ஒரு ஓரமாக இருக்கும். அதோடு இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் இனி அவரை நினைக்கும்போதெல்லாம், 'பாவம், கடைசிக் காலத்தில் தடுமாறிவிட்டார்' என்றுதான் நினைப்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

தலையாட்டவும் செய்தாள். மீதி சார் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அப்போதுதான் பழக்கதோஷத்தில் ஒரு சின்ன அரிப்பு அவளுக்குள் எழுந்தது. வாத்தியார் தப்பு செய்வாரா? செய்வார், நிறையச் செய்வார். கூட்டலில் செய்வார், சில்லறையில் செய்வார், ஒரு தடவை கல்யாண வீடு மாறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வந்தார். ஆனால் இந்தத் தப்பு செய்யமாட்டார். 'சாவி பெட்டிக்குள் இருக்கக் கூடாது' என்பதைத்தான் அவர் தன் வாழ்நாள் முழுக்க வகுப்பு வகுப்பாகக் கத்தினார். அவர் குரல் கட்டிப்போனதே அதனால்தான்.

கல்யாணமான புதிதில் அவர் தயாரித்த ஒரு கேள்வித்தாளை அவளிடம் காட்டினார். அவள் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு "நல்லா இருக்கு" என்றாள். அதில் ஒரு கேள்வியே பாதியில் நின்றிருந்தது. அவருக்கு அப்படியொரு கோபம். அன்றிலிருந்து அவளிடம் எதைப் படிக்கக் கொடுத்தாலும் வேண்டுமென்றே ஒரு தப்பை உள்ளே ஒளித்து வைப்பார். அவள் கண்டுபிடித்துவிட்டால் மறுநாள் காலை டீ அவர் போட வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் அவள். ஊரெல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை சம்பளத்துக்கும் மாமியாருக்கும் நடக்கும். இவர்கள் வீட்டில் ஒரு கழித்தல் குறிக்காக நடந்தது.

அந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. வாத்தியார் அதில் நேர்மையானவர். தப்பைத் திருத்துவதற்கு வேண்டிய பொருள் அதே தாளில் எங்காவது இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது.

அதே தாளில்.

டீச்சர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். கால் மேசையில் இடித்தது.

"சிட்டு, அந்தப் புள்ளி எங்க?"

கதவோரம் உட்கார்ந்திருந்த சிட்டு விழித்தாள். "எடுத்துட்டேனே அண்ணி. நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"திருப்பிக் கொண்டா."

"என்னம்மா?" என்றார் மீதி சார். அவரையும் பேராசிரியையையும் தாண்டிக்கொண்டு டீச்சர் ஏற்கெனவே சிட்டுவின் மேசைக்குப் போயிருந்தாள். சிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். அவசரத்தில் வேறு இரண்டு கோடுகள் முதலில் காணாமல் போயின, பிறகு திரும்ப வந்தன. கடைசியாகப் புள்ளியும் வந்தது.

"அவர் வரைஞ்ச இடத்துலயேதானா?"

"அண்ணன் படத்தை அப்படியே பதிவெடுத்து அது மேலதான் வரைஞ்சேன். மயிரிழை தள்ளலை."

"பி-யிலேருந்து அந்தக் கே-க்கு ஒரு கோடு போடு. ஏபி-க்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல என்ன கோணம்?"

சிட்டு கோடு போட்டு அளந்தாள். "முப்பது."

"சிபிடி கோணத்தை அள. அதே பி-யில, இந்தப் பக்கம்."

சிட்டு அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

"அதுவும் முப்பதுதான் அண்ணி."

கோடுகள் வெட்டும் இடத்தில் வைக்க வேண்டியதைத் தள்ளி வைத்தவருக்கு அந்தக் கோணம் அப்படிப் பொருந்தி விழாது. அளந்து வைத்த புள்ளி அது. டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தாள்.

திரும்பிக் கூட்ட அறைக்கு வந்து யாரையும் கேட்காமல் பேனாவை எடுத்து வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டாள். அத்தனை வருஷம் போட்ட கை, வட்டம் வட்டமாகவே வந்தது.

"பின்னிணைப்புல இருக்கிற நாலு வரியையும் அடிச்சிடுங்க. இது போதும்" என்றாள். "கே-யை இப்படி வெச்சிருக்கார். ஏபிகே கோணமும் டிபிசி கோணமும் சமம். அடுத்தது, ஏ-லேருந்து பார்த்தாலும் டி-லேருந்து பார்த்தாலும் பிசிங்கிற நாண் ஒரே கோணத்துலதான் தெரியும். ஒரே வில் இல்லையா? ரெண்டு கோணம் சமமாயிடுச்சு. அப்ப ஏபிகே முக்கோணமும் டிபிசி முக்கோணமும் வடிவொத்தது. ஏகே-யை பிடி-யால பெருக்கினா, ஏபி-யை சிடி-யால பெருக்கினது வரும்."

பேராசிரியை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்ப மிச்சம் இருக்கிற துண்டு. பி-யில இருக்கிற முழுக் கோணத்துலேருந்து ரெண்டு பக்கமும் அதே முப்பதைக் கழிச்சா மிச்சமும் சமமாத்தானே இருக்கும்? கேபிசி கோணமும் ஏபிடி கோணமும் சமம். அங்கயும் ஒரே வில்லு மேல நிக்கிற இன்னொரு ஜோடி இருக்கு, சி-யில ஒண்ணு, டி-யில ஒண்ணு. அதனால கேபிசி-யும் ஏபிடி-யும் வடிவொத்தது. கேசி-யை பிடி-யால பெருக்கினா, பிசி-யை ஏடி-யால பெருக்கினது. ரெண்டையும் கூட்டுங்க. ஏகே-யும் கேசி-யும் சேர்ந்தா ஏசி. தாலமி தேற்றம் முடிஞ்சுது. இதுல சைனும் கிடையாது, கொசைனும் கிடையாது."

"சாவி வெளியில இருக்கு" என்றார் பேராசிரியை மெதுவாக.

"இப்ப அவர் படத்துக்கு வாங்க. ஏசி விட்டம், அதோட நீளம் ஒண்ணு. விட்டத்து மேல நிக்கிற கோணம் செங்கோணம், அதனால பி-யும் டி-யும் செங்கோணம். ஏ-யில மேல் பக்கக் கோணம் ஆல்ஃபா, கீழ்ப் பக்கம் பீட்டா. பிசி சைன் ஆல்ஃபா, ஏபி கொசைன் ஆல்ஃபா. சிடி சைன் பீட்டா, ஏடி கொசைன் பீட்டா. மிச்சம் பிடி. அது ஏ-யிலேருந்து ஆல்ஃபா கூட்டல் பீட்டா கோணத்துல தெரியற நாண். விட்டம் ஒண்ணா இருந்தா, நாணோட நீளம் அந்தக் கோணத்தோட சைன்தான்."

"கூட்டல் தொண்ணூறைத் தாண்டினா? அதையும் உங்க வாயாலயே சொல்லிடுங்க." பேராசிரியை விடவில்லை. விடுகிறவராக இருந்தால் அவரை அங்கே வைத்திருக்கமாட்டார்கள்.

"தாண்டினா என்ன? எதிர் மூலையில இருக்கிற கோணம் நூத்தி எண்பதுல மிச்சம். ரெண்டுக்கும் சைன் ஒண்ணுதானே? நாண் மாறாது. அவர் வரைஞ்சிருக்கிற படத்துலயே கூட்டல் தொண்ணூறைத் தாண்டித்தான் இருக்கு, அளந்து பாருங்க. ஏசி-யை பிடி-யால பெருக்குங்க. ஒண்ணால பெருக்கினா பிடி அப்படியே நிக்கும், அதுதான் கூட்டலோட சைன். அந்தப் பக்கம் சைன் ஆல்ஃபா கொசைன் பீட்டா கூட்டல் கொசைன் ஆல்ஃபா சைன் பீட்டா."

பேனாவை மூடி வைத்தாள். பேராசிரியை தாளில் தனக்காக ஒரு தடவை போட்டுப் பார்த்தார், அடியில் கோடு கிழித்தார், தலையசைத்தார். மீதி சார் கடைசி வரியைத் தேடிப் பிடித்து, பழக்கத்தில் "மீதி?" என்றார்.

"மீதி இல்ல சார்" என்றாள் டீச்சர்.

பாடம் புத்தகத்திலேயே இருக்கும் என்று ஆனது. சாயங்காலத்துக்குள் சிட்டு பின்னிணைப்பை மாற்றி ஏற்றிவிட வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் எழுந்தார்கள். மீதி சார் டீச்சரின் அருகே வந்து, "அவர் தவறவிட்டதை நீங்க சரி பண்ணிட்டீங்கம்மா" என்றார், ரொம்பக் கனிவாக.

"அவர் தவறவிடலை" என்றாள் அவள். "எனக்காக வெச்சிருந்தார்."

அவருக்குப் புரியவில்லை. பாவம், இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருப்பார். டீச்சர் விளக்கவில்லை. அவள் மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசை காலியாகிக்கொண்டிருந்தது. தலைவலி என்று சொல்லாமல் அன்றைக்கே இரண்டு தாளைப் புரட்டியிருந்தால் போதும். கண்டுபிடித்திருப்பாள். "என்ன, பெட்டிக்குள்ள சாவியை வெச்சிருக்கீங்க?" என்று கத்தியிருப்பாள். அவர் அறை மூலையிலிருந்து திருட்டு முழி முழித்துக்கொண்டு சிரித்திருப்பார். மறுநாள் காலை அவர் இருந்திருப்பார் என்பதற்கில்லை, அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஜெயித்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். இப்போது ஜெயித்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

சிட்டு ஒரு காகிதக் குவளையோடு உள்ளே வந்து அதை அவள் முன்னால் வைத்தாள்.

"எனக்கெதுக்கு? இப்பதான் குடிச்சேன்."

"குடிங்க அண்ணி. நானே போட்டது." சிட்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணன் தோத்துட்டாருல்ல? அவரு போட வேண்டிய டீ."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அடப் போங்க அண்ணி. வட்டம்தான் எனக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேர் சண்டை தெரியாதா? எத்தனை காலைல நான் வந்து நின்னிருக்கேன், அண்ணன் அடுப்பு முன்னால புலம்பிக்கிட்டே நிப்பாரு."

டீச்சர் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுருக்கென்று சுட்டது. குவளையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, பாயசமா? சர்க்கரையை இப்படி அள்ளிக் கொட்டியிருக்கே."

"அண்ணன் போட்டா இப்படித்தானே இருக்கும்" என்று சிட்டு சொல்ல ஆரம்பித்தாள். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.